லெக் பீஸ் வெந்ததா, வேகவில்லையா?

ஏர் ஃப்ரையரில் வைத்த லெக் பீஸ் வெளியே மொறுமொறுவென்று சிவந்திருக்கிறது. கடித்தால் எலும்போரம் ரத்தச் சிவப்பு. வேகவில்லையா, இல்லை கோழியே சரியில்லையா?
– ஒரு வாசகி, திருச்சி

கோழி மேல் குற்றமில்லை, பாவம் அதற்கு வயது ஆறு வாரம்தான். பிராய்லருக்கு உடம்புதான் பெரியது, எலும்பு குஞ்சின் எலும்பு. இன்னும் முழுசாக இறுகாத, நுண்ணிய துளைகள் உள்ள எலும்பு. சூடேறும்போது உள்ளேயிருக்கும் மஜ்ஜையின் சிவப்பு அந்தத் துளைகள் வழியாகக் கசிந்து ஒட்டியிருக்கும் கறியில் ஊறிவிடும். ஃப்ரீசரில் கிடந்த கோழி என்றால் இது இன்னும் அதிகம். உறையும்போது மஜ்ஜை உடைந்துபோவதால் எலும்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பாகவே தெரியும். ஆகவே நன்றாக வெந்த கால் சிவப்பாக இருக்கலாம். வேகாத காலும் சிவப்பாக இருக்கலாம். நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எழுதக்கூடிய சாட்சி ஒன்றுதான்: கறியின் உள்சூடு. எலும்புக்குப் பக்கத்தில் 74 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகளின் கதை முடிந்தது. அதற்குப் பிறகும் சிவப்பு இருந்தால் பயப்படாமல் சாப்பிடலாம்.

சூட்டை எப்படிப் பார்ப்பது? ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைக் குத்தலாமா?
– ஒரு வாசகர், கரூர்

கோழிக்கு ஜுரமா என்று பார்க்கத்தான் அது உதவும்! சமையலுக்கென்று ஊசி முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஏர் ஃப்ரையர் வாங்கிய காசில் அது ஒரு சின்னத் துண்டுதான்.

குத்தும் இடம்தான் முக்கியம். காலின் கொழுத்த பகுதியில், எலும்புக்கு இணையாக, அதை ஒட்டியும் ஒட்டாமலும் ஊசியை இறக்குங்கள். முனை எலும்பில் இடித்தால் கைக்கே தெரியும், டக்கென்று நிற்கும். கொஞ்சம் பின்னால் இழுத்து, திசை மாற்றிக் குத்துங்கள். எலும்பைத் தொட்டுக்கொண்டு காட்டும் எண் கறியின் எண் அல்ல. எண் ஓடி நிற்கும்வரை பொறுங்கள். இரண்டு மூன்று இடத்தில் பார்த்து, எது குறைவோ அதையே கணக்கில் எடுங்கள். கூடையிலேயே பெரிய துண்டு எதுவோ, அதை முதலில் பரிசோதியுங்கள். அது பாஸானால் மற்றவையும் பெரும்பாலும் பாஸ்.

தெர்மாமீட்டர் எல்லாம் எதற்கு? கத்தியால் குத்தி, தண்ணீர் தெளிவாக வருகிறதா என்று பார்த்தால் போதும் என்கிறார் என் மாமியார்.
– ஒரு மருமகள், ஈரோடு

மாமியார் காலத்துக் கோழிக்கு மஞ்சளும் உப்பும்தான் பூசியிருப்பார்கள். நீங்கள் இரண்டு ஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூளைத் தயிரில் குழைத்து, கீறலுக்குள் விரலை விட்டுத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊற வைத்திருக்கிறீர்கள். அந்தக் காலில் இருந்து தெளிவான நீர் எப்படி வரும்? வெந்தாலும் சிவப்பு, வேகாவிட்டாலும் சிவப்பு.

கருவி இல்லாத நாளில் நிறத்தை விட்டுவிட்டுக் கறியின் தன்மையைப் பாருங்கள். கணுக்கால் பக்கம் கறி சுருங்கி மேலேறி, எலும்பின் குமிழ் வெளியே தெரிய வேண்டும். கொழுத்த இடத்தில் எலும்புவரை ஒரு கீறு கீறிப் பிரித்தால், கறி இழை இழையாக விலகி எலும்பை விட்டு வர வேண்டும். பளபளவென்று, கண்ணாடி மாதிரி, வழவழப்பாக எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது பச்சைக் கறி. சந்தேகமிருந்தால் 170 டிகிரியில் இன்னும் 5 நிமிடம். மாமியாரிடமும் சண்டை வேண்டாம், வயிற்றோடும் வேண்டாம்.

சீக்கிரம் வேகட்டும் என்று 200 டிகிரியில் வைத்தேன். வெளியே கரி, உள்ளே குளிர். மெஷின் மோசமா?
– ஒரு வாசகர், சிவகாசி

மெஷின் சொன்னதைச் செய்தது. மேலே சூடேற்றும் கம்பி, அதற்கு மேல் விசிறி. அனல் காற்று கறியின் மேல்தோலைத் தாக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சூடு எலும்புவரை நடந்துதான் போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் மேலே உள்ள மிளகாய்த்தூளும் தயிரும் கருகிவிடும்.

வழக்கமான ஒரு கணக்கு சொல்கிறேன். 100 முதல் 120 கிராம் எடையுள்ள ஆறு லெக் பீஸ், நான்கு லிட்டர் கூடை. ஒவ்வொன்றிலும் எலும்பு தட்டும்வரை இரண்டு கீறல்; மசாலா இறங்கவும் சூடு இறங்கவும் அதே வழிதான். நம் கறிக்கடையில் பெரும்பாலும் தோலுரித்தே தருவார்கள் என்பதால் மசாலாவிலேயே ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்கள், இல்லாவிட்டால் வறண்டுவிடும். ஊறியதும் வழிகிற தயிரை வழித்துவிட்டு, மெல்லிய பூச்சோடு அடுக்குங்கள். மெஷினை 3 நிமிடம் காலியாகச் சூடாக்கி, 180 டிகிரியில் 12 நிமிடம். பிறகு திருப்பிப் போட்டு 10 நிமிடம். இப்போது ஊசியைக் குத்திப் பாருங்கள்; 75 வாக்கில் வந்திருக்கும். மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி 200 டிகிரியில் 3 நிமிடம். அந்த 200-க்கு வேலை கடைசியில்தான், ஓரம் முறுகுவதற்கு.

உங்கள் மெஷினில் இரண்டு மூன்று நிமிடம் கூடலாம், குறையலாம். நேரம் வழிகாட்டி, ஊசிதான் நீதிபதி.

74 வந்தவுடன் எடுத்துவிட்டேன். வெந்திருந்தது, ஆனால் ரப்பர் மாதிரி இழுத்தது. ஏன்?
– ஒரு வாசகி, புதுச்சேரி

74 என்பது பாதுகாப்புக்கான எண். ருசிக்கான எண் இன்னும் மேலே, 80 முதல் 85. கோழி நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் காலால்தான், அதனால் அங்கே ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வு இளகிக் குழைய அந்தக் கூடுதல் சூடு தேவை. நெஞ்சுக்கறியை 85-க்குக் கொண்டுபோனால் பஞ்சாகிவிடும், கால் அப்படியல்ல, தாங்கும். எலும்போரச் சிவப்பும் கொஞ்சம் மங்கும் என்பது உபரி லாபம்.

நடுவில் கூடையைக் குலுக்கச் சொல்கிறது மெஷின். குலுக்கினால் மசாலா எல்லாம் கூடைக்கு, வெள்ளைக் கால் எனக்கு. என்ன செய்ய?
– ஒரு பேச்சிலர், வேளச்சேரி

மெஷினுக்கு உருளைக்கிழங்கு ஒன்றுதான் தெரியும், அதற்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறது. குலுக்கல் என்பது விங்ஸுக்கு. இலேசான துண்டு, புரளும். அதிலும் முதல் 8 நிமிடம் கை வைக்காதீர்கள்; பூச்சு காய்ந்து கறியோடு ஒட்டியபிறகு குலுக்கினால் உதிராது. 190 டிகிரியில் 20 நிமிடம் வைக்கிற விங்ஸுக்கு 8-லும் 14-லும் இரண்டு குலுக்கல் போதும். இறக்கையின் மடிப்பு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், அதைப் பிரித்துவிடத்தான் முக்கியமாக இந்தக் குலுக்கல்.

லெக் பீஸ் கனமானது. குலுக்கினால் கொழுத்த பக்கம் மறுபடி அதே பக்கமாகவே விழும். இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள், 12-வது நிமிடத்தில் ஒரே தடவை. ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுக்காதீர்கள், இன்னும் 2 நிமிடம் விட்டால் தானே விடும். திருப்பும்போது ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும், நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றுங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் இழுத்துப் பார்க்கும் ஆர்வத்தை மட்டும் அடக்கவும். ஒவ்வொரு தடவையும் அனல் உங்கள் முகத்துக்குப் போகிறது, கோழிக்குப் போகவில்லை.

பச்சைக் கறியை எடுத்துவைத்த அதே இடுக்கியால் வெந்ததைத் தட்டில் வைக்காதீர்கள். கழுவிவிட்டு வாருங்கள்.

கிண்ணத்தில் மிஞ்சிய மசாலாவை அவ்வப்போது தடவிக்கொண்டே இருந்தால் ருசி கூடுமே?
– ஒரு வாசகர், தேனி

கூடும், கூடவே வேறு சிலதும் கூடும். அது பச்சைக் கோழி ஊறிய மசாலா. 12-வது நிமிடத்தில் திருப்பும்போது தடவினால் வேக நேரம் இருக்கிறது. கடைசி 3 நிமிடத்தில் தடவினால் கிருமியைத் தடவியதாகத்தான் அர்த்தம். கடைசிப் பூச்சுக்கு வெறும் எண்ணெய், அல்லது முதலிலேயே தனியாக எடுத்துவைத்த மசாலா.

பன்னிரண்டு காலையும் ஒரே ஈடாக அடுக்கலாமா? வீட்டில் பசியோடு எட்டுப் பேர்.
– ஒரு குடும்பத் தலைவர், ஆம்பூர்

அடுக்கலாம், ஆவியில் வெந்த கோழி வேண்டுமென்றால். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் காற்று நுழையாது. தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் வெளுத்து நிற்கும், உள்ளே பச்சை ஒளிந்திருக்கும். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடம் விட்டு, இரண்டு ஈடாகப் போடுங்கள். இரண்டாவது ஈடு இறங்கும்போது, முதல் ஈட்டை 180-ல் 3 நிமிடம் காட்டினால் மறுபடி முறுகும். ஓட்டையெல்லாம் அடைபடக் காகிதம் விரிப்பவர்களுக்கும் இதே பதில்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் போட்டேன். 25 நிமிடத்துக்குப் பிறகும் எலும்போரம் வேகவே இல்லை.
– ஒரு வாசகி, சேலம்

தொட்டால் மெத்தென்று இருந்திருக்கும், எலும்பை ஒட்டி ஐஸ் உட்கார்ந்திருக்கும். உங்கள் 25 நிமிடத்தில் பாதி அதைக் கரைக்கவே போயிருக்கும். முந்தைய நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். ஊசியிருந்தால் போடுவதற்கு முன் எலும்போரம் குத்தி, குத்தியதைக் கழுவிவையுங்கள். 0 டிகிரி காட்டினால் கோழி இன்னும் தயாரில்லை. அடுப்படி மேடையில் மணிக்கணக்கில் வைப்பது வேண்டாம். நம் ஊர் வெயிலில் மேல்கறி கெட ஆரம்பித்தபிறகுதான் உள்கறி உருகும்.

நாட்டுக்கோழிக் காலுக்கும் இதே கணக்குதானா?
– ஒரு வாசகர், செட்டிநாடு

எலும்பு முற்றியது, சிவப்புக் கசிவு குறைவு. ஆனால் கறி கல். குக்கரில் முக்கால் பதம் வேக வைத்துவிட்டு, முறுகலுக்கு மட்டும் ஏர் ஃப்ரையருக்கு அனுப்புங்கள். குழம்பை விட்டுவிட்டு இந்த வேலை எதற்கு என்பது என் சொந்தக் கருத்து.

விருந்தாளிகள் எட்டு மணிக்கு வருகிறார்கள். நாலு மணிக்கே பாதி வேக வைத்து மூடி வைத்துவிட்டு, வந்ததும் மீதியை வேக வைக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

கூடவே கூடாது. பாதி வெந்த கோழி நாலு மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் கிருமிக்குத்தான் அது விருந்து. மசாலா தடவி ஃப்ரிட்ஜில் பச்சையாகவே வையுங்கள், ஏழரைக்குப் போடுங்கள். முழுசாக வேக வைத்து, ஆறியதும் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, வந்ததும் உள்ளே ஆவி பறக்கச் சூடாக்கினாலும் சரி. பாதி வேக்காடு மட்டும் வேண்டாம்.