அப்பனை மடக்குற வழி

இங்க வா கண்ணு. ஐதராபாத் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போறேன்னு நேத்து ராத்திரி நீ சொன்ன அழகைத் திண்ணையில படுத்துக்கினு நானும் கேட்டேன். "உலகம் மாறிப்போச்சுப்பா"ன்னு ஆரம்பிச்சியே, அங்கதான் கெட்டுது. உலகம் மாறினது உங்கப்பனுக்குத் தெரியாதா? பட்டுநூல் விலை தினம் சொல்லுதே. அவன் கேட்டது நீ எங்க படுப்பே, சாவி யார்கிட்ட இருக்கும்னு. நீ அதுக்கு மேடைப்பேச்சு பேசினே.

மொதல்ல கம்பெனிலேர்ந்து வந்த அந்தக் கடுதாசியை எடு. அதுல இருக்கிற நம்பருக்குப் போன் போடாதே. கம்பெனியோட சொந்த வெப்சைட்ல நம்பரைத் தேடி, உங்கப்பன் காதுபடக் கேளு, என்னை எடுத்திருக்கீங்களான்னு. பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொன்னா அத்தோட விட்டுடு. பத்துப் பேர் வேலை செய்யற இடமா இருந்தா, பொம்பளைங்க பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கணும்னு 2013ல சட்டமே போட்டாச்சு. பயிற்சிக்கு வர்றவளுக்கும் அது உண்டு. குழுத் தலைவி யாருன்னு கேளு. கேட்டதும் முழிச்சாங்கன்னா அதுவும் பதில்தான்.

மொதல் தடவை அவனையும் கூட்டிக்கினு போ. வெட்கப்படாதே. காட்பாடியில ரயிலேறி, பகல்ல போய்ச் சேர்ற மாதிரி டிக்கெட் போடு. விடுதிக் கதவுத் தாழ்ப்பாளை நாலு தரம் இழுத்துப் பார்ப்பான், பார்க்கட்டும். ஆபீஸ்லேர்ந்து விடுதிக்கு மட்டும் ரெண்டு பேரும் இருட்டினப்புறம் நடந்து பாருங்க. பகல்ல எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

இனிமேதான் சூட்சுமம். "தினம் பேசறேன்"னு மொட்டையா வாக்குக் குடுக்காதே. ஒருநாள் சார்ஜ் தீர்ந்தா உங்கம்மா இங்க ஒப்பாரி வைப்பா. ராத்திரி ஒன்பதுன்னு நேரம் வை. பேச முடியலைன்னா ஒரு வரி மெசேஜ். பத்துக்குள்ள அதுவும் வரலைன்னா அறைத்தோழிக்கு உங்கப்பனும் அம்மாவும் போன் போடணும், அவ எடுக்கலைன்னா வார்டனுக்கு. வார்டனும் உன்னைப் பார்க்கலைன்னாத்தான் போலீஸ். தறியில ஒரு இழை அறுந்தா அதைத் தேடி முடிச்சுப் போடுவோமே தவிர, பாவையே அறுத்தா போடுவோம்? இன்னொண்ணு, ஆரணியிலேர்ந்து 112 அடிச்சா தமிழ்நாட்டுப் போலீஸ்தான் எடுக்கும், அங்க தகவல் போய்ச் சேர நேரமாகும். விடுதிக்குப் பக்கத்து ஸ்டேஷன் நம்பரை முன்னாடியே வாங்கி உங்கப்பன் போன்ல ஏத்திடு. ஆபத்துன்னா நீ அங்கேர்ந்து 112 அடி.

ராத்திரி ஆட்டோ ஏறினா வாட்ஸப்புல ஒரு மணி நேரத்துக்கு லொகேஷன் அனுப்பு. நாள்பூரா அனுப்பினே, டீக்கடைக்குப் போனதுக்கும் கணக்குக் கேட்பான். உங்கப்பனையும் அம்மாவையும் ஒத்துக்க வை, ஆபீஸ் நேரத்துல சும்மாச் சும்மா போன் போடறதில்லைன்னு. எல்லாத்தையும் ஒரு காகிதத்துல எழுதிக் காலண்டர் பக்கத்துல ஒட்டு.

இத்தனைக்கும் அப்புறம் அவன் "வயசுப் பொண்ணைத் தனியா..."ன்னு இழுத்தா, என்னைக் கூப்பிடு. காஞ்சிபுரத்துல சேலை குடுத்துட்டு வரேன்னு போன பய, மெட்ராஸ்ல மூணு நாள் சினிமா பார்த்துட்டு வந்த கதையை உங்கம்மா இன்னும் கேட்டதில்ல.