அடிக்கோடு சார்

கோவில்பட்டியில் பிளஸ் டூ பயாலஜி டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு இவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப்பையில் சிவப்புப் பேனா, கையில் ஆறங்குல ஸ்கேல், வாயில் ஒரே கேள்வி: "கீவேர்டு எங்கம்மா?"

தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என்று எழுத்துத் தேர்வில் மொத்தம் 70 மதிப்பெண். அந்த எழுபதும் அவர் கண்ணுக்கு வாக்கியங்களாகத் தெரிவதே இல்லை, சொற்களாகத்தான் தெரியும். மூணு மார்க் கேள்வியென்றால் ஆறு சொல், சொல்லுக்கு அரை மார்க். இது அரசு போட்ட கணக்கில்லை, சார் போட்ட கணக்கு. இரட்டைக் கருவுறுதலுக்கு அவர் வைத்திருக்கும் ஆறு இவை: இரண்டு ஆண் கேமீட்டுகள், முட்டை, சைகோட், துருவ உட்கருக்கள், மூவிணைவு, முதல்நிலைக் கருவூண் உட்கரு. ஆறின் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும். கோடு வளைந்தால் முகமும் வளையும்.

என் மகள் எழுதியிருந்தாள்: "மகரந்தக் குழாய் வழியாக வருகிற ரெண்டில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று நடுவில் இருக்கிற ரெண்டோடு சேர்ந்து, அந்தக் கரு வளரச் சாப்பாடாகிறது." எனக்குப் படித்ததும் புரிந்தது. நான் படித்தது பி.காம். சாருக்கும் புரியாமலில்லை. ஆனால் ஆறில் 'முட்டை' ஒன்றுதான் தேறியது. அரை மார்க்.

"நடுவுல இருக்கிற ரெண்டுன்னா எந்த ரெண்டும்மா? உளுந்தவடையா?"

1898-இல் லில்லியத்திலும் ஃபிரிட்டில்லாரியாவிலும் இதைக் கண்டு சொன்ன நவாஷினே வந்து பரீட்சை எழுதினாலும், மூவிணைவு என்று எழுதி அடியில் கோடு போடாவிட்டால் சாரிடம் இரண்டரைதான்.

படம் என்றால் இன்னும் மோசம். பூவின் கருப்பையை நிழல் தீட்டி அழகாக வரைந்த பையனைப் பார்த்து, "காலண்டர் கம்பெனிக்குப் போப்பா" என்றார். பாகம் குறிக்காத படத்துக்கு அவரிடம் பூஜ்யம். பென்சில்தான். குறிக்கும் கோடுகளெல்லாம் வலப்பக்கம் போக வேண்டும், ஒன்றையொன்று வெட்டக் கூடாது, நுனி பாகத்தைத் தொட்டே ஆக வேண்டும். வரைந்து முடித்ததும் புள்ளிகளை எண்ணச் சொல்வார். சூல்துளைப் பக்கம் மூன்று: ஒரு முட்டை, இரண்டு சினர்ஜிட். எதிர்முனையில் எதிரடிச் செல்கள் மூன்று. நடுவில் துருவ உட்கரு இரண்டு. உட்கரு எட்டு, செல் ஏழு, ஏனென்றால் நடுச்செல் ஒன்றிலேயே இரண்டு உட்கரு. சினர்ஜிட் கோட்டின் நுனி இம்மியளவு நழுவி முட்டையில் குத்தினால் இரண்டுமே தப்பு. எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்தால் இந்தப் படத்தில் தவறு வராது. இந்த ஒரு விஷயத்துக்காக மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருநாள் டீக்கடையில் சொன்னார்: "விடைத்தாள் திருத்துற முகாம்ல உக்காந்து பாருங்க சார். விடைக்குறிப்பு ஒரு கையில, கட்டு இன்னொரு கையில. பேரு கிடையாது, ஊரு கிடையாது. கரிசக்காட்டுல இருந்து காலையில முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்து படிச்ச புள்ளன்னு அந்தத் தாள் சொல்லுமா? அந்த ஆறு சொல்லுதான் சார் சொல்லும்." சொல்லிவிட்டு டீக்கு அவரே காசு கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

போன வாரம் மறுபடி வந்துவிட்டது. மகளின் தோழன் ஒருவனின் தாள் கைக்குக் கிடைத்தது. அவன் எழுதியிருந்தது: "இரண்டு ஆண் கேமீட்டுகளில் ஒன்று துருவ உட்கருக்களுடன் இணைந்து சைகோட் உருவாகிறது. மற்றொன்று முட்டையுடன் மூவிணைவு அடைந்து முதல்நிலைக் கருவூண் உட்கருவைத் தருகிறது." ஆறு சொல்லும் ஆஜர். ஆறுக்கும் கோடு, ஆறுக்கும் சிவப்பு டிக், மூன்றுக்கு மூன்று. ஆனால் ஜோடி மாறிப் போச்சு. முட்டையோடு சேர்ந்தால்தான் சைகோட். மூவிணைவுக்கு மூன்று வேண்டும், அதாவது ஒரு ஆண் கேமீட்டும் இரண்டு துருவ உட்கருக்களும். முட்டையும் கேமீட்டும் சேர்ந்தால் ரெண்டுதானே வருகிறது? பெயரிலேயே மூன்று இருக்கிறது, பையன் எண்ணவில்லை, சாரும் எண்ணவில்லை. படத்தில் புள்ளி எண்ணுகிற மனுஷன்!

சரியாக எழுதியவளுக்கு அரை, தலைகீழாக எழுதியவனுக்கு மூன்று. நேரே போய்த் தாளை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்க்குள்ளேயே ரெண்டு தரம் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார், கொஞ்சம் யோசித்தார், மூன்றை இரண்டரை ஆக்கினார்.

"மீதி?" என்றேன்.

"சொல்லெல்லாம் வந்திருக்கே சார்."