கல்லாச் சாவி யாரு கையில?

வாங்கடா தம்பிகளா, உட்காருங்க. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துலயும் வயசான கடைக்காரங்களுக்கு கியூஆர்ல பணம் வாங்கக் கத்துக்குடுக்க வீடியோ எடுக்கப் போறீங்களாம். எழுதிக் கொண்டாந்த தாளைப் படிச்சேன். முதல் அரை நிமிஷம் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தை ட்ரோன் சுத்துது. ராஜேந்திர சோழன் என்ன ஸ்கேன் பண்ணியா கப்பம் வாங்கினான்? அப்புறம் ஒரு பாட்டு. அப்புறம் மடிப்புக் கலையாத சட்டையில ஒரு பையன் வந்து, "பெரியவர்களே, பயப்படாதீர்கள்" அப்படிங்கிறான்.

ஏண்டா, அவரு பயப்படறாருன்னு உங்ககிட்ட யாரு சொன்னது? அந்த மனுசன் கடன் நோட்டை வச்சே ஊரை ஆண்டவரு. எவன் எப்பக் காசு குடுப்பான், எவன் தெருவை மாத்தி நடப்பான்னு முகத்தைப் பார்த்தே சொல்லுவாரு. காலையில எந்திரிச்சதும் பூப்படம் போட்டு உங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வணக்கம் அனுப்புறதும் அவருதான். அவருக்குப் போன் பயம் இல்ல. கல்லா பயம்.

ஜெயங்கொண்டம், செந்துறை, குன்னம் பக்கம் கடைத்தெருவுல பொறுமையா நின்னு பாருங்க. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒட்டினது மகன். கணக்கும் மகன் பேர்ல. மகன் இருக்கிறது திருப்பூர்ல. சாமான் இங்க போகுது, பணம் அங்க போகுது, மெசேஜும் அங்கதான் போகுது. சாயங்காலம் மொத்தக் கடைக்காரனுக்குக் குடுக்கணும்னா, மகனுக்குப் போன் போட்டு, "கொஞ்சம் அனுப்புப்பா"ன்னு கேட்கணும். பரீட்சைப் பீஸுக்குப் பையனைக் கல்லா முன்னாடி நிக்கவச்சு எண்ணிக் குடுத்தவரு, இப்ப அவன்கிட்டயே கை நீட்டணும். மருமக வேற, "மாமாவுக்கு இப்ப எதுக்கு ரெண்டாயிரம்?"னு பக்கத்துல இருந்து கேட்குமாம்.

அதனாலதான் கேட்கிறவங்ககிட்டயெல்லாம் "நெட்வொர்க் இல்ல தம்பி" அப்படிங்கிறாரு. டவர் கடைக்கு எதிர்லயே நிக்கும். நீங்களும் நம்பிட்டு, டவர் வேணும்னு மனு எழுதுவீங்க.

ஆகவே கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பெரியவரு பாஸ்புக்கோட வங்கிக்குப் போகணும். கணக்கு அவரு பேர்ல, கணக்கோட சேர்ந்த போன் நம்பர் அவரு சட்டைப்பையில இருக்கிற போன், கியூஆர் ஸ்டிக்கர் அந்தக் கணக்குக்கு. இது மூணும் சரியா இல்லாம வீடியோ எடுத்தா, அது மகனுக்கு வருமானம் சேர்க்கிற படம்.

சரி, இனி வீடியோ. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல வேண்டாம். பாட்டு வேண்டாம், ஏன்னு பின்னாடி சொல்றேன். நடிகர் வேண்டாம், அவரு வயசுக் கடைக்காரர் ஒருத்தரே போதும். கேமரா வாடிக்கைக்காரன் பக்கம் நிக்கக்கூடாது, கல்லாவுக்குப் பின்னாடி நிக்கணும். அவரு கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான் படம்.

காட்சி 1. ஒரு அம்மா 47 ரூபாய்க்குச் சாமான் வாங்குது. அம்பது ரூபா குடுத்தா மூணு ரூபாய்க்கு நம்ம கடைக்காரர் மிட்டாய் எடுத்துத் தருவாருன்னு அதுக்குத் தெரியும். அதனால போனை எடுக்குது.

காட்சி 2. அம்மா ஸ்டிக்கர் முன்னாடி போனைக் காட்டுது. கடைக்காரர் கேட்கிறாரு: "பேரு என்னன்னு காட்டுது?" அம்மா பேரை வாசிக்குது. அது அவரு பேரு. இந்த இடத்துல அஞ்சு விநாடி கேமராவை அசைக்காதீங்க. பாடத்துல பாதி இதுதான். அந்தக் கட்டம் கட்டமான படத்துக்குள்ள இருக்கிறது கணக்கோட விலாசம், அவ்வளவுதான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் உண்டியல்ல யாரு வேணா காசு போடலாம், போடுறவன் எடுக்க முடியாது. ஸ்டிக்கரும் அப்படித்தான். ஆயிரம் பேர் ஸ்கேன் பண்ணினாலும் பணம் உள்ளதான் வருமே தவிர, உள்ள இருக்கிறது போகாது.

காட்சி 3. அம்மா 47ன்னு அடிச்சு, ரகசிய நம்பரைப் போடுது. கடைக்காரர் மரியாதையா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிறாரு. அவரு போன் மேசை மேல சும்மா கிடக்கு. அதைத் தொடவே இல்ல. பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம்னு நீங்க பத்துத் தடவை சொல்றதை, தொடாத அந்தப் போன் ஒரே தடவையில சொல்லிடும்.

காட்சி 4. அம்மா போனைத் திருப்பிப் பச்சை டிக்கைக் காட்டுது. கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்ல, காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. ஸ்பீக்கர் பெட்டி தமிழ்ல 47 ரூபா வந்துச்சுன்னு சொல்லுது. அதுக்கப்புறம்தான் பையை நீட்டுறாரு. பாட்டு ஏன் வேண்டாம்னேன், புரியுதா? அந்த வீடியோவுல கேட்க வேண்டியது அந்தப் பெட்டிச் சத்தம் ஒண்ணுதான்.

"பெட்டி எதுக்கு, மெசேஜ் வருமே"ன்னு கேட்பீங்க. சில வங்கிங்க சின்னத் தொகைக்கு மெசேஜ் அனுப்புறதையே நிறுத்திடுச்சு. பட்டன் போன் வச்சிருக்கிறவருக்கு 47 ரூபா வந்ததே தெரியாது. பெட்டிக்கு மாச வாடகை உண்டு, எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுக்கச் சொல்லுங்க. யூபிஐ மூலமா வங்கிக் கணக்குல இருந்து வர்ற பணத்துக்குக் கடைக்காரர்கிட்ட கமிஷன் பிடிக்கிறதை 2020 ஜனவரியிலிருந்தே அரசாங்கம் நிறுத்திடுச்சு. வாடகை வேற, கமிஷன் வேற. ரெண்டையும் குழப்பி "எல்லாம் இலவசம்"னு நீங்க சொன்னா, முதல் மாச வாடகை பிடிச்ச அன்னைக்கே ஸ்டிக்கரைக் கிழிச்சுடுவாரு.

காட்சி 5. மறுநாள் வங்கி. பாஸ்புக் என்ட்ரி. இங்கதான் நீங்க மாட்டுவீங்க. அவரு 47ஐத் தேடுவாரு, அது இல்லாமப் போகலாம். வங்கியே குடுத்த கியூஆரா இருந்தா ஒவ்வொரு வரவும் தனித்தனியா விழலாம். பெட்டி குடுக்கிற கம்பெனிங்க சில சமயம் ஒரு நாள் பணத்தைச் சேர்த்து மொத்தமா மறுநாள் கணக்குல போடும். 47, 120, 85ன்னு வித்தது பாஸ்புக்ல 252ன்னு ஒரே வரியா நிக்கும். அதை முன்கூட்டியே சொல்லாட்டி, "252 ரூபா எவனோ தப்பாப் போட்டுட்டான், என் 47ஐக் காணோம்"னு மேனேஜரோட மல்லுக்கு நிப்பாரு. தினமும் ராத்திரி நோட்டுல கூட்டி வச்சு மொத்தத்தோட ஒத்துப் பார்க்கச் சொல்லுங்க. கணக்கு எழுதுறதுல அவரு உங்களுக்கு வாத்தியாரு.

முதல் வீடியோ இதோட முடிஞ்சுது. திருட்டுக் கதையை இதுக்குள்ள திணிக்காதீங்க. அதுக்குத் தனி வீடியோ, ரெண்டு வாரம் கழிச்சு.

அந்த ரெண்டாவதுல மூணே விஷயம். ஒண்ணு, வாடிக்கைக்காரன் போன்ல தெரியிற பச்சை டிக் பணம் இல்ல. அதே மாதிரி பொய்யாக் காட்டுற ஆப்பே இருக்கு. பெட்டி பேசாட்டி பை நகராது. ரெண்டு, "எனக்குப் பிடிச்சுட்டான், உங்களுக்கு வரலையா?"ன்னு நல்லவனே முழிப்பான். அவனைத் திருடன்னு திட்டக்கூடாது. கடைக்கு வந்து சேராத பணம் அஞ்சு நாளுக்குள்ள அவன் கணக்குக்கே தானா திரும்பணும்னு ரிசர்வ் வங்கி 2019லயே சொல்லியிருக்கு. தெரிஞ்ச ஆளா இருந்தா கடன் நோட்டுல எழுதிக்கலாம். தெரியாத ஆளுன்னா ரொக்கம் கேட்கலாம்.

மூணாவது, மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவுல 2025 ஜனவரியில நடந்தது. ராத்திரியோட ராத்திரியா சில கடைங்க, ஒரு பெட்ரோல் பங்க் ஸ்டிக்கர் மேல எவனோ தன் ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போயிட்டான். வியாபாரம் கடையில, வரவு அவன் வீட்டுல. ஸ்கேன் பண்ணினப்ப வேற பேரு காட்டினதாலதான் வெளிய வந்துச்சு. காட்சி 2ல "பேரு என்ன"ன்னு கேட்கவச்சது இதுக்குத்தான். கடை திறந்ததும் முதல் வாடிக்கைக்காரர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டா அன்னைக்கு முழுக்க நிம்மதி. ஏமாந்துட்டா உடனே 1930க்குப் போன் போடணும். சொந்தக்காரனுக்குச் சொல்லி அழறதெல்லாம் அப்புறம்.

இப்ப நீங்க தொடாத விஷயத்துக்கு வரேன். கடைசியா ஒரு கேள்வி கேட்பாரு, அதுவும் உங்க காதுகிட்ட வந்து மெதுவா: "வரிக்காரன் பார்ப்பானா?" நீங்க பல்லை இளிச்சுட்டு "அதெல்லாம் இல்ல தாத்தா"ன்னா, உங்க வீடியோ அங்கயே செத்துச்சு. 2025 ஜூலையில கர்நாடகாவுல யூபிஐ வரவை வச்சுச் சின்னக் கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பெங்களூருல கடைக்குக் கடை "யூபிஐ இல்ல, ரொக்கம் மட்டும்"னு எழுதிப் போட்டதும் டிவியில வந்துச்சு. அதை உங்களுக்கு முன்னாடி பார்த்தவரு அவரு.

அதனால உள்ளதைச் சொல்லுங்க. பார்க்க முடியும். சாமான் விக்கிற கடைக்கு வருஷ வியாபாரம் 40 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதாவது ஒரு நாளைக்குச் சுமாரா 11,000 ரூபா வியாபாரம், ஞாயித்துக்கிழமைகூடக் கடையை மூடாம. அந்தக் கணக்குல ரொக்கமும் சேரும், போன்ல வர்றதும் சேரும். அதுக்குக் கீழ இருக்கிறவரு பயப்பட ஒண்ணுமில்ல. மேல இருக்கிறவரு ஸ்டிக்கரைக் கிழிச்சாலும் பதியத்தான் வேணும். கடைக்கு வர்ற பணத்தோட மகளுக்கு மாப்பிள்ளை அனுப்புறது, சீட்டுப் பணம், கைமாத்து எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டுக் கலக்காம இருக்கச் சொல்லுங்க. நாளைக்கு எவனாவது கேட்டா, எது வியாபாரம் எது மொய்னு காட்ட முடியும்.

இவ்வளவும் கேட்டுட்டு, "எனக்கு வேண்டாம்ப்பா" அப்படிம்பாரு. விட்டுடுங்க. ரொக்கம் வாங்குறது குத்தம் இல்ல. ஆனா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுற வடக்கத்திப் பையன் ரெண்டு பேர் போனை நீட்டிட்டு, "இல்லையா?"ன்னு பக்கத்துக் கடைக்குப் போறதைக் கண்ணால பார்த்தா, மூணாவது நாள் அவரே கூப்பிடுவாரு. கடைக்காரனுக்கு அதைவிட நல்ல வீடியோ கிடையாது.

அப்பப் போங்க. கோபுரத்தை விட்டுட்டுப் போங்க. முதல் பணமா உங்க போன்ல இருந்து ஒரு ரூபா அவருக்கு அனுப்பி, பெட்டி பேசுறவரைக்கும் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. கத்துக்குடுத்ததுக்கு டீ வாங்கிக் குடுப்பாருன்னு எதிர்பார்க்காதீங்க. டீக்கடையிலயும் ஸ்டிக்கர் இருக்கு, நீங்களே கட்டிக்கலாம்.