மாப்பிள்ளைக்கும் பொருந்தும் சான்று

நாஞ்சில் நாட்டு வாத்தியார் தரும் பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்றே இருக்கும். பேரை மாற்றினால் சுசீந்திரத்து மாப்பிள்ளைக்கும் பொருந்தும்.

வேலை விளம்பரம் கேட்பதோ தாவரவியல் முதுகலையும் அலையாத்திக் காட்டில் ஓராண்டுக் களப்பணியும். அதற்கு 'மணக்குடிக் கழிமுகத்தில் ஓராண்டு கண்டல் செடிகளை இனம்பிரித்துக் கணக்கெடுத்தார். மேற்பார்த்தவன் நான்' என்ற ஒரு வரி போதும்.

1911-இல் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் ராமானுஜனுக்குத் தந்த கடிதமும் சில வரிதான்: எண்களில் அபாரத் திறமை, கணக்குப் போடுவதில் வேகம். துறைமுகக் கணக்குப் பிரிவுக்கு வேண்டியதும் அதுதான். 1912-இல் சென்னைத் துறைமுகம் அவரை மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆக்கியது. 'ஒழுக்கமானவர்' என்று மட்டும் எழுதியிருந்தால், துறைமுகத்துக்கு நல்ல வாட்ச்மேன் கிடைத்திருப்பார்!