ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஓ.டி.: கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை முதலாளிகளுக்கும் கல்வராயன் மலைவாழ் ஊழியர்களுக்கும் இடையே தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. "ஞாயித்துக்கெழம அரை நாள் வாப்பா, எரநூறு ரூபா தரேன்" என்கிறார் முதலாளி. போகலாமா, கூடாதா?

ஆய்வுக்கு உட்பட்டவர் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர், கற்பனை ஆள். நாளுக்கு எட்டு மணி நேர வேலைக்கு 400 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 விழுகிறது. கச்சிராயபாளையம் வழியாக நகரத்துக்கு வர இரண்டு மணி, திரும்ப இரண்டு மணி, நிறுத்தத்தில் நிற்க ஒரு மணி. பஸ்ஸுக்கு 80, டீ, டிபனுக்கு 40. மலைப்பாதை வளைவில் எதிரே கரும்பு லாரி வந்துவிட்டால் ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தனி ஆய்வே வேண்டும்.

கையில் வரும் 200-ல் 120 போனால் 80 மிச்சம். இந்த 80-ஐ வேலை நேரமான நான்கு மணியால் வகுத்தால் மணிக்கு 20 என்று கௌரவமாகத் தெரியும். பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான். ஆள் வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப ஆகும் ஒன்பது மணியால் வகுக்க வேண்டும். ஒன்பது ரூபாய்கூடத் தேறவில்லை.

ஆனால் இதே ஊழியர் வேலை நாளில் இரண்டு மணி கூடுதலாக நின்றால் கதையே வேறு. எப்படியும் வந்தாயிற்று, எப்படியும் திரும்ப வேண்டும். புதிதாக டிக்கெட் கிடையாது. நூறும் முழுதாக வீடு சேரும். கடைசி பஸ் போய்விடாத வரை. போய்விட்டால் அடிவாரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து யாருடைய பைக்குக்காவது பெட்ரோல் காசு. நூறு ரூபாய் மலை ஏறுவதற்குள் கரைந்துவிடும். ஆகவே ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது மணிக்கு எவ்வளவு என்பதை அல்ல; இந்த வேலைக்காகப் புதிதாக ஒரு பயணம் முளைக்கிறதா என்பதைத்தான்.

முளைத்தால் எத்தனை மணி வேலை இருந்தால் போகலாம்? வீட்டிலிருந்தால் அந்த ஒரு மணி என்ன பெறும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கடுக்காய் பொறுக்கலாம், ஆடு பார்க்கலாம், தூங்கலாம். தூக்கத்துக்கு விலை போட்டால் சிரிப்பார்கள் என்பதால் எல்லாவற்றுக்கும் பொதுவாக 20 ரூபாய் என்று கொள்வோம். பயணம் தின்னும் ஐந்து மணிக்கு நூறு, செலவு 120. மொத்தம் 220 ரூபாய்ப் பள்ளம். வேலை செய்யும் ஒவ்வொரு மணியும் 50-ல் 20 போக 30 ரூபாய் மண் போட்டு அதைத் தூர்க்கும். ஏழு மணி இருபது நிமிடத்தில் பள்ளம் மூடும். முழு நாள் கூப்பிட்டால் போகலாம், தூக்கக் கலக்கத்தோடு. அரை நாளுக்குப் போகக்கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அப்படியானால் பெண் ஊழியருக்குக் கணக்கு மாறாதா? நல்ல கேள்வி. வழி முழுக்க அப்படிப்பட்ட பஸ்ஸே கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 80 ரூபாய் குறைந்து பள்ளம் 140 ஆகும்; அதை மூட நான்கு மணி நாற்பது நிமிடம் வேண்டும். அரை நாள் இன்னமும் தேறவில்லை! டிக்கெட்டை விடப் பெரிய செலவு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து மணி நேரம்.

தூரத்துக்குக் கூலி தரும் வழக்கம் நம் சட்டங்களில் இல்லாமலில்லை. 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் கூலியில் பத்து சதவீதம் கூட்டித் தரச் சொன்னது. துணி மடிப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், மிகை நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது. நம்மவர் ஆறு நாளில் 48 மணியை முடித்துவிட்டவர். ஞாயிறு முழுக்க மிகைதான். (வார விடுமுறையன்று கூப்பிடலாமா என்பது அதே சட்டத்தில் வேறொரு சங்கடம்.) மணிக்கு 100 கொடுத்தால் மண் 80 ரூபாயாக விழும். டிக்கெட் எடுத்து வந்தாலும் இரண்டே முக்கால் மணியில் பள்ளம் மூடிவிடும். ஓசி பஸ் செய்ய முடியாததை இரட்டைச் சம்பளம் செய்கிறது. எரநூறு என்று முதலாளி சொன்னது ஒற்றைச் சம்பளம் என்பதை வாசகர் கவனித்திருப்பார்.

இந்தச் சூத்திரம் படுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலை குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும், கையில் எழுபது ரூபாய் குறைகிறது என்றால் வீட்டிலிருக்கும் மணிக்கு விலையே இல்லை. கடுக்காயைத் தவணையில் யாரும் வாங்கிக்கொள்வதில்லை. அந்த வாரம் ஒன்பது மணி அலைச்சலுக்குக் கிடைக்கும் 80 ரூபாய் முழு 80 ரூபாயாகவே எண்ணப்படும். எந்த ஞாயிறு யாருக்குத் தவணை என்பதும் கடையில் எல்லோருக்கும் தெரியும், கூப்பிடுகிறவருக்கும் சேர்த்து.