ரைப் அண்ணையும் இரண்டாம் பதிப்பும்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை எந்தச் சந்தியில் இறங்கினாலும் ஒரு கொமினிக்கேசன் இருக்கும். உள்ளே போட்டோக்கொப்பி மெசினுக்கும் ரீலோட் காட்டுகளுக்கும் நடுவில் ரைப் அண்ணை இருப்பார். காணிக் கச்சேரிக்கு மனு, பிரதேச செயலகத்துக்குப் பெயர்ப் பட்டியல், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாம் அவர் விரலால்தான் வெளியே வரும். விரலுக்குப் பாமினி மட்டும் தெரியும். விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்து போனது அவருக்கு ஒரு குறையே இல்லை. திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் Next, Next, Finish. படிக்கச் சொன்னால், "தம்பி, அது இங்கிலிசுக்காரன் தன்ரை மன ஆறுதலுக்கு எழுதிறது" என்பார். அவர் சொல்வதில் பாதி சரி என்பதுதான் என் கட்சி. சிறு மென்பொருளின் இரண்டாம் பதிப்போடு வரும் வெளியீட்டுக் குறிப்பு, செய்தவர் எதில் பாடுபட்டார் என்ற வரிசையில் எழுதப்படுகிறது. பாவிப்பவர் எதில் திடுக்கிடுவார் என்ற வரிசையில் எழுதப்படுவதில்லை.

எ-கலப்பையை எடுத்துப் பாருங்கள். முகுந்தராஜ் தொடங்கிய தமிழா குழு இலவசமாகத் தந்த சிறிய தட்டச்சுக் கருவி அது. அதன் 2.0 பதிப்பு யூனிகோடில் தட்ட வழி செய்தது. பாமினி விசை பழகியவர்களுக்கெனத் தனிப் பொதியும் இருந்தது. செய்தவர் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய பாய்ச்சல். அண்ணை பக்கம் நின்றால் ஒன்றுமே மாறவில்லை: அதே விசை, அதே எழுத்து. வில்லங்கம் அங்கேதான். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட எழுத்துரு. கோப்புக்குள் கிடப்பது khq;Fsk;, கண்ணுக்குத் தெரிவது மாங்குளம். புதிய பதிப்பில் அதே விசைகளை அதே வரிசையில் தட்டினால் உள்ளே போவது உண்மையான தமிழ்க் குறியீடு. அப்போது வேர்டில் எழுத்துருப் பெட்டி தானாகவே Latha என்று மாறிக்கொள்ளும். அண்ணை விடுவாரா? திரும்பவும் பாமினியைத் தெரிவு செய்வார். ஒன்றும் நடக்காது. மூன்றாம் முறை கொஞ்சம் கோபத்தோடு தெரிவு செய்வார்.

உண்மையான சேதம் இதற்குப் பிறகு. பழைய பயனாளிகள் பட்டியலைத் திறந்து, புதிதாகப் பத்துப் பெயரை அதன் அடியில் சேர்க்கிறார் என்று வையுங்கள். அச்சடித்தால் எழுத்து சற்று மெலிந்திருக்குமே தவிர எல்லாம் தமிழாகவே தெரியும். 'மாங்குளம்' என்று தேடினால் புதிய பத்தில் உள்ளது மட்டும் அகப்படும்; பழைய மாங்குளத்துக்காரர் ஒருவரும் ஊரில் இல்லை. அந்தக் கோப்பு பாமினி இல்லாத கணினிக்குப் போனால் மேலே முழுக்க khq;Fsk;, அடியில் மட்டும் அழகான தமிழ். செயலகத்துப் பிள்ளை தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கடை பைலுக்கு வைரஸ்" என்பார். பழைய கோப்புகளை இரண்டாம் பதிப்பு தானாக மாற்றாது, அவற்றை எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுக்க வேண்டும் என்ற ஒரு வரி குறிப்பின் தலையில் இருந்திருந்தால் இந்தத் தொலைபேசி தேவைப்பட்டிருக்காது.

எப்படி எழுதினாலும் அவர் படிக்கப் போவதில்லையே என்பார்கள். நிறுவும்போது படிக்கமாட்டார், உண்மை. ஆனால் இடறும்போது படிப்பார். ஆகவே குறிப்பு அவர் கண்ட அறிகுறியில் தொடங்க வேண்டும்: 'எழுத்துருப் பெட்டியில் Latha என்று வந்தால் பயப்படாதீர்கள், அப்படித்தான் வரும். எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் பழுது கருவியில் இல்லை, விண்டோசில்.' எக்ஸ்பியில் Regional and Language Options-க்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவ வேண்டும். அதற்கு விண்டோஸ் சீடியும் கேட்கும். இதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். இப்படி அரைப் பக்கம் எழுதினால் அண்ணை அதை அச்சடித்து மொனிட்டர் ஓரத்தில் ஒட்டுவார். அங்கே ஏற்கனவே லக்சுமி படமும் மின்பட்டியலும் இருக்கின்றன, இடம் போதும்.

இவ்வளவு எளிதாக்கினால் விவரமறிந்தவர்களை அவமதிப்பதாகும் என்பது இன்னொரு வாதம். விவரமறிந்தவருக்குக் கீழே உருட்டத் தெரியும். சரி, இப்படிப்பட்டவர் பழைய முறையிலேயே இருக்கட்டுமே என்றால், அவர் அப்படித்தான் இருக்கிறார். பாமினி எழுத்துருக் கோப்பை D டிரைவில் 'பழசு நல்லது' என்ற போல்டரில் வைத்திருக்கிறார். இதைப் பிடிவாதம் என்று சொல்லமுடியாது. வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டு வரும் கோப்பு பாமினியில் இருக்கும் வரை, பழையதற்குத் திரும்பும் வழி தெரியாமல் புதியதற்கு மாறுவது அவர் தொழிலுக்கு நட்டம். திரும்பும் வழியையும் குறிப்பில் எழுதுவது கருவி செய்தவரின் கடமை.

ஆகவே இரண்டாம் பதிப்பு வெளியிடுவோரே, எது மாறவில்லை, பழைய கோப்புக்கு என்ன ஆகும், திரும்புவது எப்படி என்று முதலில் எழுதுங்கள். நீங்கள் பட்ட பாட்டை அதற்குக் கீழே எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். அண்ணை அவ்வளவு தூரம் வரமாட்டார்.