கேமராவுக்கு ஒரு விலை

வெள்ளிக்கிழமை செஞ்சி வாரச்சந்தைக்கு ஆடு விற்க ஒரு கூட்டம் வரும், வாங்க ஒரு கூட்டம் வரும். இரண்டிலும் சேராமல், கழுத்துப்பட்டையில் குட்டி மைக்கும் கையில் செல்போன் செருகிய குச்சியுமாக ஒருவர் வருவார். திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம், பைக்கில் வந்துவிடுவார். அவர் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. ஆனால் மாவட்டத்தில் ஆட்டு விலையைப் பற்றி அவரளவுக்குப் பேசியவர் வேறு யாரும் இல்லை.

வீடியோ சந்தையில் தொடங்காது, கோட்டையில் தொடங்கும். "ராஜா தேசிங்கு ஆண்ட மண்ணுல இருந்து வணக்கம் உறவுகளே!" என்று ராஜகிரி மலையைக் காட்டுவார். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்று மட்டும் அதில் இடம்பிடித்தது. அன்று முதல் மலை இன்னும் ஒரு நிமிஷம் கூடுதலாக ஓடுகிறது. ஆடு பார்க்க வந்தவன் அதுவரை காத்திருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஆட்டுச் சந்தை விடியும் முன்பே சூடு பிடித்துவிடும். இருட்டில் டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்து, நல்ல உருப்படிகளை வெளியூர் வியாபாரிகள் வண்டியேற்றிவிடுவார்கள். தீபாவளி, பொங்கல், பக்ரீத் வாரங்களில் கேட்கவே வேண்டாம். நம்மவர் ஆறரை மணிக்கு வந்து, வெளியேறும் குட்டி யானை வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபடி, "சந்தை இப்பதான் களைகட்ட ஆரம்பிச்சிருக்கு" என்பார்.

உள்ளே நுழைந்ததும் அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்வி. "அண்ணே, ஜோடி எவ்ளோ?"

இந்தக் கேள்விக்குச் சந்தையில் உண்மையான பதில் கிடைக்காது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். விற்கிறவர் மனசில் மூன்று விலை வைத்திருக்கிறார். சொல்லும் விலை ஒன்று, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற விலை ஒன்று, வெயில் ஏறி ஆடு நின்றுபோனால் கொடுக்கிற விலை ஒன்று. கேமரா வந்ததும் நான்காவதாக ஒன்று முளைக்கும். பக்கத்தில் நிற்கிற அடுத்த கிராக்கி அதைக் கேட்பான் அல்லவா? ஆகவே அது மற்ற மூன்றுக்கும் மேலே போய் உட்காரும்.

உண்மை விலை பேசுகிற இடத்தைப் படம் பிடிக்கவும் அவர் முயன்றிருக்கிறார். மாட்டுச் சந்தையின் பழைய வழக்கப்படி, துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசும் தரகர்கள் உண்டு. இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. அது நூறா ஆயிரமா என்பது பிடிப்பவருக்கும் பிடிபடுபவருக்கும் தெரியும். நம்மவர் குச்சியை நீட்டி, ஒரு பச்சைத் துண்டு அசைவதை இரண்டு நிமிஷம் பதிவு செய்து, "பாருங்க உறவுகளே, பேரம் எப்படிப் போகுதுன்னு" என்று போட்டார். துண்டு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பார்த்தது ஓர் ஆயாவின் கிடா வியாபாரம். ஒற்றைக் கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆயா நின்றிருந்தார். நம்மவர் மைக்கை நீட்டினார்.

"ஆயா, கிடா இன்னா வெல?"

"பதினாலாயிரம்."

பின்னாலிருந்த வேட்டிக்காரர் முன்னால் வந்தார். "பதினாலா? இன்னா ஆயா, இது ஆடா மாடா?"

"அது ஊரு ஒலகத்துக்குச் சொன்னது. நீ வாங்குறவனா இருந்தா ஆட்டத் தொட்டுப் பாத்துப் பேசு."

அவர் தொட்டுப் பார்த்தார். நம்மவர் வீடியோவில் வேகமாக ஓட்டிவிடும் பகுதி இதுதான். பார்க்க வேண்டியதும் இதுதான். உதட்டை விலக்கினார். கீழே நடுவில் இரண்டு பல் பெரிதாக முளைத்திருந்தது, மற்றவை பால்பல். வயது ஒன்றைத் தாண்டிவிட்டது, கறி இன்னும் முற்றவில்லை. அடுத்து முதுகுத்தண்டின் மேல் விரலை ஓட்டி, இடுப்புப் பக்கம் அழுத்தினார். சந்தைக்குக் கிளம்பும்போது உப்புப் போட்ட தவிட்டுத் தண்ணீரை வயிறு முட்டக் காட்டி ஆட்டைப் பெருக்க வைப்பது பழைய வித்தை. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கும், ஆனால் முதுகெலும்பு விரலைக் குத்தும். தண்ணீர் முதுகுக்கு ஏறாது. இந்தக் கிடாவின் முதுகில் சதை மூடியிருந்தது. கடைசியாக நெஞ்சுக்கும் தொடைக்கும் அடியில் கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்கி இறக்கினார். தராசு அவ்வளவுதான்.

"இருவது கிலோ."

"இருவத்தஞ்சுக்குக் கொறையாது."

இருபத்திரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி தேறும், அதாவது பத்து கிலோ. கடையில் கிலோ எண்ணூறு என்றால் எட்டாயிரம். தலை, கால், குடலுக்கு ஆயிரத்துச் சொச்சம் சேர்த்துக்கொள்ளலாம். தோலை இப்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதற்கு விலை போய்விட்டது. ஆக ஒன்பதைச் சுற்றித்தான் இந்த ஆடு நிற்கும். இது ஆயாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் ஏழில் தொடங்கினார், ஆயா பதின்மூன்றில் நின்றார். அவர் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தார். மூன்றாவது தடவை போகும்போது ஆயாவே கயிற்றை நீட்டினார்.

பணம் எண்ணியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பதினெட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள், ஓர் இருநூறு. ஒன்பதாயிரத்து இருநூறு.

நம்மவர் ஓடிவந்தார். "அண்ணே, எவ்ளோவுக்கு முடிஞ்சிது?"

வேட்டிக்காரர் கேமராவை நேராகப் பார்த்து, "பன்னெண்டாயிரம்" என்றார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பேரத்தில் ஏழு சொன்ன வாய் அது. மெல்ல விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுக்குக் காதுகுத்து, இவர் தாய்மாமன். சீர் வரிசையில் போகிற கிடா. வீடியோவை அக்கா வீட்டார் பார்ப்பார்களாம்.

மைக் ஆயாவிடம் திரும்பியது. பதினாலில் தொடங்கிய ஆயா, "எட்டாயிரம் குட்த்தாருப்பா" என்றார் சோகமாக. மகன் சாயங்காலம் வந்து கணக்குக் கேட்பானாம். அவனும் செல்போன் வைத்திருக்கிறான்.

நம்மவர் வாயடைத்து நின்றார். வாங்கியவர் கூட்டிச் சொல்கிறார், விற்றவர் குறைத்துச் சொல்கிறார். நடுவில் நாலாயிரம் எங்கே போயிற்று? வழியில் போன தரகர் ஒருவரிடம் பஞ்சாயத்து கேட்டார். "பத்துன்னு போடு தம்பி, அடுத்த வாரம் எங்களுக்கும் தோதா இருக்கும்" என்று அவர் நடந்துவிட்டார்.

ஆயா முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டே நம்மவருடைய கழுத்துப்பட்டையை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பொத்தான் மாதிரி இருக்கே, இது இன்னா வெலப்பா?"

"மூவாயிரம் ஆயா."

"அந்தப் பொட்டிய அணைச்சிட்டுச் சொல்லு."

நம்மவர் அணைத்தார். "ஆயிரத்து நூறு" என்றார்.